கை கழுவுவதை எப்படித் தடுப்பது? ஈஆர்பி திட்டத்தில் மூன்று வழிகள்

ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோயில், பயப்படுவதை எதிர்கொள்ள வைத்து, பயத்தைத் தணிக்கச் செய்யும் சடங்கைத் தடுக்கும் சிகிச்சையே ஈஆர்பி. அசுத்த பயம் சார்ந்த ஓசிடிக்கு ஈஆர்பி திட்டம் எழுதப் பழகும் ஆலோசகர்களின் தாள்களில் ஒரு பாதி நிறைந்திருக்கும், மறு பாதி காலியாக இருக்கும். எதிர்கொள்ளல் பக்கத்தில் கதவுப் பிடி, குப்பைத் தொட்டி, செருப்பின் அடிப்பாகம், பொதுக் கழிப்பறை என்று வரிசையாகப் படிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஒரு பதற்ற எண். சடங்குத் தடுப்பு என்ற தலைப்பின் கீழே ஒரே வரி: "கை கழுவுவதைக் குறைக்க வேண்டும்." எவ்வளவு, எப்போதிலிருந்து, எதையெல்லாம் கழுவல் என்று எண்ணுவது, மீறிக் கழுவிவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்காது. கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு கேள்வி வரும். முதல் நாளிலிருந்தே கழுவக் கூடாது என்று சொல்லிவிடலாமா? படிப்படியாகக் குறைக்கலாமா? இல்லை, கொஞ்ச நேரம் தள்ளிப்போடச் சொன்னால் போதுமா?

இந்தத் தேர்வைச் சில்லறை விஷயமாக நான் நினைப்பதில்லை. உளவியலாளர் எட்னா ஃபோவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கழுவும் சடங்கு உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதிர்கொள்ளல் மட்டும், இன்னொன்றுக்குச் சடங்குத் தடுப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். எதிர்கொள்ளல் பதற்றத்தை அதிகம் குறைத்தது, தடுப்பு சடங்கை அதிகம் குறைத்தது, இரண்டும் பெற்றவர்களே எல்லாவற்றிலும் மேலாக இருந்தார்கள். ஆகவே தடுப்புப் பகுதியை அரைகுறையாக எழுதினால், எதிர்கொள்ளல் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிகிச்சை பாதிதான்.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று வழிகளையும் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுபவை நான்கு.

முதலாவது, பயம் உண்மையாகவே சோதிக்கப்படுகிறதா என்பது. "இதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்தால் இன்னது நடக்கும்" என்று நோயாளி ஒரு கணிப்பு வைத்திருக்கிறார். கழுவாமல் இருந்து பார்த்தால்தான் அந்தக் கணிப்பு சரியா தவறா என்று அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு கழுவல் நுழைந்தால், "கழுவியதால்தான் ஒன்றும் ஆகவில்லை" என்று மனம் கணக்கை முடித்துவிடும்.

இரண்டாவது, சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் வீட்டில் அந்த விதியைக் கடைப்பிடிக்க முடியுமா என்பது. அமர்வு 90 நிமிடம், சடங்கு நாள் முழுக்க. அமர்வுகளுக்கு இடையில் நோயாளி எவ்வளவு தூரம் திட்டத்தைப் பின்பற்றுகிறார் என்பது பலனை முன்கூட்டியே காட்டுகிறது என்று மனநல மருத்துவர் சிம்சனின் குழு 2011-இல் காட்டியது. கடைப்பிடிக்க முடியாத கடுமையான விதியும், எளிதாகக் கடைப்பிடிக்கக்கூடிய பயனற்ற விதியும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

மூன்றாவது, விதியில் விளக்கம் சொல்ல இடம் இருக்கிறதா என்பது. ஓசிடி சந்தேகத்தில் வளரும் நோய். "தேவையில்லாமல் கழுவக் கூடாது" என்று எழுதினால், எது தேவை என்று நாளுக்கு நூறு முறை யோசிப்பதே புதிய சடங்காகிவிடும். விதி கடினமாக இருக்கலாம், மங்கலாக இருக்கக் கூடாது.

நான்காவது, உடலும் வேலையும் வீட்டில் இருப்பவர்களும். தோல் வெடித்து ரத்தம் கசிகிறதா, நோயாளி மருத்துவமனையில் பணிபுரிபவரா, வீட்டில் கீமோதெரபி எடுப்பவர் உண்டா, தடுப்பை யார் கவனித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதெல்லாம் இதில் வரும்.

## முதல் வழி: முதல் நாளிலிருந்து முழுத் தடை

ஈஆர்பி பிறந்தது இந்த வடிவத்தில்தான். லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட ஆரம்பகாலச் சிகிச்சையில், வார்டில் செவிலியர்கள் நோயாளியைத் தொடர்ந்து கவனித்துச் சடங்கைத் தடுத்தார்கள். கழுவும் நோயாளியின் அறையில் தண்ணீரையே நிறுத்தி வைத்தார்கள். இன்று அப்படி யாரும் செய்வதில்லை. தடுப்பு என்பது இப்போது நோயாளி தானே ஒப்புக்கொண்டு செய்வது. ஆனால் ஃபோவாவின் குழு எழுதிய சிகிச்சை முறையில் அந்தக் கண்டிப்பு இன்னும் இருக்கிறது: எதிர்கொள்ளல் தொடங்கிய நாளிலிருந்து கை கழுவல் இல்லை, உடலில் தண்ணீர் படுவது 10 நிமிடக் குளியலில் மட்டும், மற்றபடி குடிக்கவும் பல் துலக்கவும் தண்ணீர் உண்டு.

இதன் பெரிய பலம் தெளிவு. கழுவலாமா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எதைத் தொட்டிருந்தாலும் பதில் ஒன்றுதான். கணிப்பும் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது, ஏனென்றால் எந்தத் தொடுதலும் அன்று அழிக்கப்படுவதில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பட்டியலில் மேலே இருக்கும் பயங்கள் தானாகவே முதல் வாரத்தில் வந்து விழும். பொதுக் கழிப்பறையை ஐந்தாம் வாரத்துக்கு வைத்திருப்பீர்கள். ஆனால் முதல் நாளே அவர் அலுவலகத்தில் கழிப்பறைக்குப் போகத்தான் வேண்டும், கழுவாமல் வெளியே வரவும் வேண்டும். எதிர்கொள்ளலைப் படியாகவும் தடுப்பை முழுதாகவும் எழுதும்போது இந்த முரணைப் பலரும் கவனிப்பதில்லை. இப்படி எழுதிய திட்டத்தில் நோயாளி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, நாள் முழுவதும் கழிப்பறையைத் தவிர்ப்பார். தாளில் கழுவல் பூஜ்யம், உண்மையில் தவிர்ப்பு கூடியிருக்கிறது.

இரண்டாவது, கழிப்பறைக்குப் பிறகும் கூடாது என்ற விதி வீட்டாருக்கும் மற்ற மருத்துவர்களுக்கும் ஏற்கத்தக்கதாகப் படாமல் போகலாம். தற்காலிகமானது, பயிற்சிக்கானது என்று விளக்கினால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் நோயாளியின் மனதில் சிகிச்சையின் மீதே சந்தேகத்தை விதைத்துவிடுவார்கள்.

வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ அமர்வு கிடைக்கும்போது, நோயாளிக்கு உறுதி இருக்கும்போது, அவருடைய அசுத்தம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி எல்லாவற்றையும் பிடித்திருக்கும்போது இதுவே சிறந்தது. கடைசி நிபந்தனை ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

## இரண்டாம் வழி: படிப்படியான தடை

இதில் எதிர்கொள்ளல் எந்தப் படியில் நிற்கிறதோ, தடுப்பும் அதே படியில் நிற்கும். இந்த வாரம் வீட்டுக் கதவுப் பிடியைப் பயில்கிறோம், ஆகவே கதவுப் பிடியைத் தொட்ட பிறகு கழுவக் கூடாது. குப்பைத் தொட்டி இன்னும் வரவில்லை, அதற்குக் கழுவிக்கொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நோயாளியும் உடனே சம்மதிப்பார். வெளிநோயாளியாக வாரம் ஒருமுறை வருபவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் இதைத்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் கழுவும் சடங்கில் இதற்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தொடும் பொருள்கள் வேறு வேறு, கை ஒன்றுதான். காலை 9 மணிக்குக் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கிறார். 9.20-க்குக் குப்பையைத் தொடுகிறார், அதற்குக் கழுவ அனுமதி உண்டு. அந்தக் கழுவலில் கதவுப் பிடியும் போய்விட்டது. கழுவாமல் இருந்தது 20 நிமிடம். இன்னும் மோசமாக, சில நாள்களில் குப்பையைத் தேடிப் போய்த் தொடத் தொடங்குவார். ஏமாற்ற வேண்டும் என்று அல்ல. அனுமதி உள்ள கழுவல் ஒரு வாசல் என்று பதற்றம் கண்டுபிடித்துவிடும், அவ்வளவுதான்.

சடங்குகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடிகிற இடத்தில் இந்த ஓட்டை கிடையாது. உதாரணமாக, ஒருவருக்குக் கை கழுவல் ஒன்று, வாங்கி வந்த பொருள்களைத் துடைப்பது ஒன்று, துணியை மூன்று முறை துவைப்பது ஒன்று என்று இருந்தால், துடைப்பதை இந்த வாரமும் துவைப்பதை அடுத்த வாரமும் நிறுத்தலாம். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கடுமையான ஓசிடி?" என்பதல்ல. "இன்று அனுமதிக்கப் போகிற கழுவல், இன்று பயிலும் எதிர்கொள்ளலைக் கழுவிப் போட்டுவிடுமா?" என்பதே. ஆம் என்றால், பொருளை வைத்துப் படி பிரிப்பது வேலைக்காகாது. சடங்கை வைத்துப் படி பிரிக்கலாம்.

முன்பு ஒருமுறை முழுத் தடையில் தொடங்கிச் சிகிச்சையையே விட்டுப் போனவர்களுக்கும், மனச்சோர்வு அதிகமாக இருந்து தினசரி வேலையே தள்ளாடுபவர்களுக்கும் படிப்படியான தடை நல்ல வாசல். அதன் மறைமுகச் செலவு காலம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் என்றால், மேல் படிகளுக்கு வருமுன் அமர்வுகள் தீர்ந்துவிடும். அப்போது பட்டியலின் கீழ்ப்பாதி மட்டும் சரியாகி, மேல்பாதி அப்படியே இருக்கும். அந்த மேல்பாதியிலிருந்துதான் நோய் திரும்பவும் கீழே இறங்கும்.

## மூன்றாம் வழி: தள்ளிப்போடுதல்

"கழுவத் தோன்றினால் 10 நிமிடம் பொறு, அப்புறம் கழுவு. அடுத்த வாரம் 20 நிமிடம்." எளிதாக விளக்கலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் முழு வழியாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது: கழுவல் வரப் போகிறது என்பது அந்த 10 நிமிடமும் நோயாளிக்குத் தெரியும். பதற்றம் குறைந்தாலும், வரப்போகும் கழுவலை நம்பிக் குறைந்ததா, கழுவாமலே குறைந்ததா என்று பிரிக்க வழியில்லை. மணி பார்ப்பதும் ஒரு சடங்காக ஒட்டிக்கொள்ளும்.

பயத்தைத் தணிக்கச் செய்துகொள்ளும் பாதுகாப்பு நடத்தையை முற்றாக விலக்க வேண்டியதில்லை என்று ஒரு தரப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உளவியலாளர் ராக்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொடுதலுக்குப் பின் ஈரத் துடைப்பானால் துடைக்க அனுமதித்தும் அசுத்த உணர்வும் பயமும் நன்றாகக் குறைந்தன. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் அல்ல, அசுத்த பயம் அதிகமுள்ள மற்றவர்கள். பயத்தோடு முதல் அமர்வில் உட்கார்ந்திருப்பவரைத் தொட வைக்க இது உதவலாம் என்ற அளவில் எடுத்துக்கொள்கிறேன். நாள் முழுதும் கழுவிக்கொண்டிருப்பவரின் வீட்டுத் திட்டத்துக்கு அது போதாது.

ஆகவே தள்ளிப்போடுதலுக்கு நான் தரும் இடம் ஒன்றுதான்: திட்டமிடும் இரண்டு அமர்வுகளுக்கும் எதிர்கொள்ளல் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நாள்களில், தூண்டுதலுக்கும் கழுவலுக்கும் நடுவே ஓர் இடைவெளி சாத்தியம் என்று நோயாளி பார்ப்பதற்காக. எதிர்கொள்ளல் தொடங்கிய அன்று அது முடிந்துவிட வேண்டும்.

| அளவுகோல் | முழுத் தடை | படிப்படியான தடை | தள்ளிப்போடுதல் |
|---|---|---|---|
| பயம் சோதிக்கப்படுவது | முழுமையாக | சடங்கைப் பிரிக்க முடிந்தால் மட்டும் | மிகக் குறைவு |
| வீட்டில் கடைப்பிடிப்பு | தொடக்கத்தில் கடினம், பிறகு எளிது | தொடக்கத்தில் எளிது, படி மாறும்போது பேரம் | எளிது |
| விதியின் தெளிவு | மிகத் தெளிவு | வாரந்தோறும் மாறும் | தெளிவு, ஆனால் கடிகாரத்தில் தொங்கும் |
| மறைந்த செலவு | தவிர்ப்பு கூடும், வீட்டார் எதிர்ப்பு | அனுமதித்த கழுவல் பயிற்சியை அழிக்கும், அமர்வுகள் போதாது | கழுவலின் மீதான நம்பிக்கை அப்படியே இருக்கும் |
| பொருந்துபவர் | அசுத்தம் எங்கும் பரவியவர், அடிக்கடி அமர்வு கிடைப்பவர் | சடங்குகள் தனித்தனியாக உள்ளவர், முன்பு விட்டுப் போனவர் | தொடக்க நாள்களுக்கு மட்டும் |

## மூன்றுக்கும் பொதுவான ஒரு வரி

எந்த வழியை எடுத்தாலும் சில கழுவல்கள் நடந்தே தீரும். சில அனுமதித்தவை, சில மீறியவை. அவற்றுக்கான விதி: கழுவினால் திரும்பத் தொடு. அன்றைய எதிர்கொள்ளல் பொருளில் நன்றாகத் தேய்த்த ஒரு சிறு துணியை நோயாளி எப்போதும் பையில் வைத்திருப்பார். கழுவி முடித்ததும் அந்தத் துணியை இரண்டு கைகளாலும் பிசைவார். கழுவல் தந்த 'சுத்தமாகிவிட்டேன்' என்ற நிம்மதி அங்கேயே முடிந்துவிடும். கழுவியதும் வீணாகாது, பயிற்சியும் வீணாகாது. சுகாதாரத்துக்காகக் கழுவ வேண்டியவர்களுக்கு முழுத் தடையின் பலனைப் பெரும்பாலும் கொண்டுவந்து தருவது இந்த ஒரு வரிதான்.

## ஒருவருக்கு எழுதிப் பார்த்தால்

இப்படிப்பட்ட பலரிடம் காணும் கூறுகளைச் சேர்த்து ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண், அலுவலக வேலை, 2 வயது மகன். அலுவலகக் கழிப்பறைக் கதவுப் பிடியிலிருந்து கிருமி தன் கையில் ஒட்டி, வீட்டுக்கு வந்து, மகனுக்கு வயிற்றுப்போக்கு வரும் என்று பயம். நாளுக்கு 40 முறை கை கழுவுகிறார், ஒவ்வொரு முறையும் முழங்கை வரை. குளியல் 70 நிமிடம். வெளியிலிருந்து வந்ததும் உடை மாற்றிக் குளிக்காமல் மகனைத் தூக்குவதில்லை. கணவரும் வாசலிலேயே கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "நீங்க அதைத் தொடலைல்ல?" என்று அவரிடம் மாலை முழுவதும் கேட்கிறார். ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் மதிப்பெண் 40-க்கு 27, அதாவது கடுமையானது என்று கொள்ளப்படும் 24 முதல் 31 வரையிலான பகுதி. மருந்தின் அளவு 12 வாரமாக மாறவில்லை. விரல் இடுக்குகளில் வெடிப்பு இருக்கிறது, சீழ் இல்லை.

இவருக்கு அசுத்தம் பரவும் தன்மை உடையது: பிடியிலிருந்து கை, கையிலிருந்து பை, பையிலிருந்து சோபா. அனுமதிக்கும் ஒரு கழுவல் எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆகவே கைக்கு, பொருளை வைத்துப் படி பிரிப்பது சரிவராது. அதே நேரத்தில் குழந்தைக்கு ஊட்டுகிறார், சமைக்கிறார். ஒரு கழுவலும் கூடாது என்றால் அவருடைய அம்மாவே அடுத்த நாள் சிகிச்சையை நிறுத்திவிடுவார். கைக்கு முழுத் தடை, மூன்று விதிவிலக்குகளோடு. குளியலுக்குப் படிப்படி. இதுதான் என் தேர்வு. வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், மொத்தம் 17. முதல் இரண்டும் திட்டமிட, மூன்றாவதில் எதிர்கொள்ளல் தொடக்கம்.

திட்டத்தின் தடுப்புப் பகுதி, நோயாளியிடம் கொடுக்கும் சொற்களிலேயே:

கை. மூன்றாம் அமர்வு நாளிலிருந்து மூன்று வேளைகளில் மட்டும் கழுவுவேன்: கழிப்பறைக்குப் பின், சமைக்கவோ ஊட்டவோ தொடங்கும்முன், அழுக்கு கண்ணுக்குத் தெரியும்போது. சோப்பு ஒருமுறை, மணிக்கட்டு வரை, 20 விநாடி. சானிடைசரும் ஈரத் துடைப்பானும் கழுவலாகவே எண்ணப்படும். சமையலுக்கும் ஊட்டலுக்குமான கழுவல் நாளுக்கு 4-க்கு மேல் இல்லை.

திரும்பத் தொடுதல். கழிப்பறைக்குப் பின் கழுவியதும் ஒரு நிமிடத்துக்குள் துணியைத் தொடுவேன். சமையலுக்கும் ஊட்டலுக்கும் முன் கழுவினால், அந்த வேலை முடிந்ததும் தொடுவேன்.

குளியல். நாளுக்கு ஒன்று. முதல் வாரம் 30 நிமிடம், இரண்டாம் வாரம் 20, மூன்றாம் வாரத்திலிருந்து 10. மணி அடித்ததும் நுரையை அலசிவிட்டு வெளியே வருவேன். வந்ததும் துணியால் தலைமுடியையும் தலையணையையும் தொடுவேன்.

வீட்டார். கணவர் முதல் நாளிலிருந்து வாசலில் கழுவ மாட்டார். தொட்டீர்களா என்று நான் கேட்டால் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "இது ஓசிடி கேட்கிற கேள்வி, இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு பேசி வச்சிருக்கோம்." குழாயை மூடுவதோ கையைப் பிடிப்பதோ அவர் வேலை அல்ல.

மீறினால். நேரத்தைக் குறித்துக்கொள்வேன், 5 நிமிடத்துக்குள் துணியைத் தொடுவேன், கழுவுவதற்கு முன் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வேன். அன்றைய நாள் கெட்டுவிட்டது என்று எழுத மாட்டேன்.

சமையல் கழுவலுக்கு 4 என்ற எல்லை ஏன் என்றால், இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில் அவர் நாளுக்குப் பத்து முறை சமையலறைக்குள் நுழையத் தொடங்குவார். துணி எந்தப் பொருளில் தேய்த்தது என்பதும் முக்கியம். முதல் வாரம் வீட்டு வாசல் கதவுப் பிடி, பதற்றம் 35. அப்புறம் அலுவலக மேசை, லிஃப்ட் பொத்தான், செருப்பின் மேல்பாகம். நான்காம் வாரத்தில் கழிப்பறைக் கதவுப் பிடி, பதற்றம் 90. இப்படிச் செய்தால் தடுப்பு மாறாமல் நிற்கும், துணி மட்டும் படி ஏறும். முதல் வழியில் சொன்ன முரண் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது: முதல் வாரம் கழிப்பறைக்குப் போனால் 20 விநாடி கழுவல் உண்டு, ஆனால் உடனே வாசல் பிடியின் அசுத்தம் கையில் திரும்ப வந்துவிடும்.

இந்தப் பெண்ணின் விஷயத்தில் எழுதிவைக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2 வயதுக் குழந்தைக்கு எட்டு ஒன்பது வாரத்தில் ஒருமுறையாவது வயிறு கெடலாம். "கழுவாவிட்டால் மகனுக்கு வயிற்றுப்போக்கு வரும்" என்பதை மட்டும் சோதனைக் கணிப்பாக எழுதினால், ஐந்தாம் வாரத்தில் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு மொத்தச் சிகிச்சையையும் கவிழ்த்துவிடும். ஆகவே இன்னும் இரண்டு கணிப்புகளைச் சேர்த்து எழுத வேண்டும்: "கழுவாமல் மகனைத் தூக்கினால் இந்தப் பதற்றம் இரவு வரை குறையவே குறையாது", "என்னால் அன்று வேறு எந்த வேலையும் செய்ய முடியாது". இவற்றை ஒவ்வொரு எதிர்கொள்ளலிலும் சரிபார்க்கலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வைக்கலாம்: குழந்தைநல மருத்துவர் சொல்வதைச் செய்வோம், கழுவும் விதி மாறாது, டயப்பர் மாற்றிய பின் 20 விநாடி கழுவல் கூடுதலாக உண்டு, காரணம் யார் என்ற விசாரணை கிடையாது. "ஒருபோதும் உன்னால் யாருக்கும் நோய் வராது" என்ற உறுதியைச் சிகிச்சையாளர் எந்த இடத்திலும் தரக் கூடாது. அது உண்மையும் அல்ல, கணவர் நிறுத்திய பதிலைச் சிகிச்சையாளர் தொடர்வதாகவும் ஆகிவிடும்.

## தாளில் குறைந்து உள்ளே தொடரும் சடங்கு

கழுவல் எண்ணிக்கை 40-லிருந்து 8-க்கு வந்துவிட்டது, ஆனால் பதற்ற எண் எதுவும் நகரவில்லை. அல்லது எதிர்கொள்ளல் தொடங்கி இரண்டே நிமிடத்தில் 80 என்பது 20 ஆகிவிடுகிறது. இரண்டுமே சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள். தண்ணீர் இல்லாத சடங்கு எங்கோ நடந்துகொண்டிருக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்கள் தெரிந்தவைதான். விரல்களை விரித்து, உடம்பில் படாமல் தள்ளி வைத்திருப்பது. கையைப் புடவையிலோ பேன்ட்டிலோ திரும்பத் திரும்பத் தேய்ப்பது. தொட்ட கையை 'கெட்ட கை'யாக ஒதுக்கிவிட்டு மற்றக் கையால் எல்லாம் செய்வது. "அமர்வில் தொட்டது, சிகிச்சையாளர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆபத்து இருக்காது" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது. கடைசியில் சொன்னது கண்ணுக்குத் தெரியாது என்பதால், "இப்போது மனதில் என்ன சொல்லிக்கொண்டீர்கள்?" என்று நேரடியாகக் கேட்பதைத் தவிர வழியில்லை. தொட்டதும் அந்தக் கையால் முகம், தலைமுடி, கைபேசி, சட்டை என்று எல்லாவற்றையும் தடவச் செய்வது மேலே சொன்னவற்றில் முதல் மூன்றையும் ஒரே வீச்சில் வெளியே கொண்டுவரும்.

வேறு ஒரு சிக்கல், பயத்தைவிட அருவருப்பு முன்னால் நிற்பது. நோய் வரும் என்ற கணிப்பே இல்லாமல் "பிசுபிசுவென்று இருக்கிறது, தாங்க முடியவில்லை" என்று மட்டும் சொல்பவர்கள் உண்டு. அருவருப்பு பயத்தைவிட மெதுவாகத்தான் தணியும். இவர்களுக்கு அமர்வுக்குள் எண் இறங்குவதை வெற்றியின் அளவாக வைக்காமல், அந்த உணர்வோடு எவ்வளவு நேரம் வேலை செய்ய முடிந்தது என்பதை அளவாக வைக்கலாம்.

## எட்டாம் அமர்வில் திரும்பப் பார்ப்பது

கழுவத் தோன்றிய தடவைகளில் எத்தனை சதவீதம் கழுவாமல் இருந்தார் என்று ஒவ்வொரு அமர்விலும் கேட்டு எழுதி வைத்தால், எட்டாம் அமர்வில் முடிவெடுப்பது சுலபம். முக்கால்வாசிக்கு மேல் என்றால் துணியை அடுத்த படிக்கு ஏற்றலாம். பாதிக்கும் குறைவு என்றால் ஏதோ ஒன்று மாற வேண்டும். அப்போது பலரும் விதியைத் தளர்த்துகிறார்கள், மூன்று விதிவிலக்கு ஐந்தாகிறது, 20 விநாடி 40 ஆகிறது. அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் வாதம். விதி இருக்கட்டும், துணியை ஒரு படி கீழே இறக்குங்கள். கழிப்பறைப் பிடியிலிருந்து லிஃப்ட் பொத்தானுக்கு வாருங்கள். விதியைப் பேரம் பேசலாம் என்று பதற்றம் ஒருமுறை கற்றுக்கொண்டால் அடுத்த வாரமும் பேரத்தோடுதான் வரும்.

வழியையே மாற்ற வேண்டிய சூழல்களும் உண்டு. வெடித்த தோலில் தொற்று வந்தால் தோல் மருத்துவர் பார்க்கும் வரை கைக்கான எதிர்கொள்ளலை நிறுத்தி, உடை, சோபா, மகனைத் தூக்குவது போன்றவற்றில் தொடரலாம். மனச்சோர்வு ஆழமாகித் தற்கொலை எண்ணம் வந்தால் அதைப் பார்ப்பதே முதல் வேலை, திட்டம் காத்திருக்கும். நோயாளி செவிலியராக இருந்தால் பணியிடத்தில் அங்குள்ள கை சுகாதார விதியே சட்டம், அதற்கு மேல் ஒரு கழுவலும் இல்லை, பணி முடிந்து வெளியே வந்ததும் திரும்பத் தொடுதல்.

ஒய்-பாக்ஸ் மதிப்பெண் 35 சதவீதமாவது குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் கிடைத்ததாகக் கொள்வது வழக்கம். இவருக்கு அது 17 அல்லது அதற்குக் கீழ். அங்கே வந்துவிட்டால் கடைசி இரண்டு அமர்வுகளில் தடுப்பு விதியை எடுத்துவிட்டு, சாதாரணக் கழுவல் விதி ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், "இப்போது எவ்வளவு கழுவலாம்?" என்ற கேள்வியோடு நோயாளி வீட்டுக்குப் போவார், பதிலை ஓசிடி சொல்லும். ஃபோவாவின் குழு தந்த வழிகாட்டலில் நாளுக்கு ஒரு 10 நிமிடக் குளியல், ஐந்துக்கு மேற்படாத கை கழுவல், ஒவ்வொன்றும் 30 விநாடிக்குள் என்று இருக்கிறது. சமையலும் சிறு குழந்தையும் உள்ள வீட்டில் ஐந்து போதாது. இந்தப் பெண்ணுக்கு எட்டு என்று எழுதுவேன், மகன் டயப்பரை விட்டதும் ஆறாகக் குறைப்பது என்ற வரியையும் சேர்த்து.